ஆறு மாதத் தண்ணீரை இரண்டு மாதக் கணக்கில் ஏற்றிய பில்லைத் திருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்: ஐஸ் கம்பெனிக்குப் பின்புறத் தெருவில் குடியிருக்கும் குடிநீர் இணைப்புதாரர் குடும்பம் (இணைப்பு என் மாமியார் பெயரில் உள்ளது, எண் பில் நகலில் இருக்கிறது)

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம், இராமநாதபுரம் மாவட்டம்

பொருள்: அக்டோபர் மாதக் குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணப் பில்லை மறுகணக்கிட்டுத் தருதல், அதுவரை இணைப்பைத் துண்டிக்காதிருத்தல் தொடர்பாக.

பார்வை: குடிநீர்ப் பிரிவில் கொடுத்த எனது முந்தைய மனு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட மனு. இரண்டுக்கும் ரசீது உண்டு, பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தாங்கள் அறிவீர்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடலை நோக்கிப் போகும் குழாயில் கடைசியாகத் தண்ணீர் ஏறும் தெரு எங்களுடையது. நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது. வீட்டில் ஐந்து பேர். வாசலில் 2,000 லிட்டர் தரைத்தொட்டி ஒன்று, அதற்கு மேல் பிடித்து வைக்க இடமும் இல்லை, பாத்திரமும் இல்லை. இந்த வீட்டுக்கு அக்டோபரில் வந்த பில் 1,470 ரூபாய். வழக்கமாக 200, 250 வரும். பில் எங்கே தவறியிருக்கிறது என்பதை எண்களோடு கீழே எழுதியிருக்கிறேன். சற்று பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. ஏப்ரல் 3 அன்று மீட்டர் அளவு 412. அது சரியாக எடுத்த அளவு, எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

2. ஜூன் 2, ஆகஸ்ட் 2 ஆகிய இரண்டு முறையும் அளவு எடுக்கவில்லை. பில்லில் ‘கதவு பூட்டு’ என்று போட்டு, சராசரியாக 18 கிலோ லிட்டர் எனக் கணக்கிட்டு, முறைக்கு 200 ரூபாய் கேட்டார்கள். கட்டிவிட்டோம். ஆனால் ஐயா, ஜூன் 2 மீன்பிடித் தடைக்காலம். என் வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் அவர் கடலுக்குப் போயிருக்கலாம், நடக்க முடியாத என் மாமியார் திண்ணையை விட்டு எங்கே போவார்? அதுவும் போக, மீட்டர் வீட்டுக்குள்ளேயே இல்லை. வாசல்படிக்கு வெளியே குழியில், கல் மூடிக்குக் கீழே இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குழி மணலால் மூடிக்கொள்ளும், கையால் அள்ளித்தான் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அள்ளிப் பார்க்காததற்குப் பெயர் கதவு பூட்டா?

3. அக்டோபர் 3 அன்று அள்ளிப் பார்த்திருக்கிறார்கள். கறுப்பு எண்கள் 478 காட்டின. (கறுப்பு எண்தான் கிலோ லிட்டர், சிவப்பு எண் அதற்குக் கீழான லிட்டர் கணக்கு. அதில் குழப்பம் இல்லை, நானும் பார்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.) 478-இல் 412 போனால் 66. ஆக மீட்டரில் ஓடியது 66 கிலோ லிட்டர், அதாவது 66,000 லிட்டர். இதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, ஆறு மாதத்தில் ஓடியது. பில்லைப் பாருங்கள்: ‘முந்தைய அளவு 412’, பக்கத்திலேயே ‘முந்தைய தேதி ஆகஸ்ட் 2’. 412 என்பது ஏப்ரல் அளவு, ஏப்ரல் பில்லே அதற்குச் சாட்சி. இடையில் வந்த இரண்டு சராசரிப் பில்களிலும் அதே 412 அசையாமல் நிற்கிறது. தேதி மட்டும் நகர்ந்திருக்கிறது, எண் நகரவில்லை. தவறு பிறந்த இடம் இதுதான்.

4. இனி பணக் கணக்கு. பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் விகிதம் இரண்டு மாதப் பயன்பாட்டுக்கானது: முதல் 20 கிலோ லிட்டருக்கு 8 ரூபாய் வீதம், அடுத்த 10-க்கு 12 ரூபாய், அடுத்த 20-க்கு 20 ரூபாய், 50-க்கு மேல் போனால் 30 ரூபாய். பாதாளச் சாக்கடைக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் 25 சதவீதம். மீட்டர் கட்டணம் 20 ரூபாய். உங்கள் பில் 66-ஐயும் ஒரே இரண்டு மாதத்தில் ஏற்றியதால் 160, 120, 400, 480 என்று நான்கு படியிலும் ஏறி 1,160 ஆகிவிட்டது. அதன் மேல் சாக்கடைக்கு 290, மீட்டருக்கு 20. மொத்தம் 1,470.

இப்போது அதே 66-ஐ மூன்று பில்லுக்குப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 22. இருபதுக்கு 160, மீதி இரண்டுக்கு 24, ஆக 184. சாக்கடை 46, மீட்டர் 20. ஒரு பில் 250. மூன்றும் சேர்ந்து 750. ஏற்கெனவே 400 கட்டியிருக்கிறோம். நாங்கள் கட்ட வேண்டிய பாக்கி 350 ரூபாய் மட்டுமே. 20 ரூபாய்ப் படியும் 30 ரூபாய்ப் படியும் எங்களைத் தொடவே கூடாது.

5. சாக்கடைக் கட்டணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், கட்டணம் கட்ட மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீர்க் கட்டணத்தின் மேல் சதவீதமாக ஏறுவதால், மேலே ஒரு தவறு நடந்தால் கீழேயும் அதே தவறு நடக்கிறது. ஆறு மாதத்துக்கும் சேர்த்தே 138 ரூபாய் வரவேண்டிய இடத்தில், கட்டிய 72 போக இன்னும் 290 கேட்கிறீர்கள். சாக்கடையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடுதலாகப் போகவில்லை.

6. கவுன்டரில் இருந்தவர், “சரிம்மா, கட்டின 400-ஐக் கழிச்சுத் தர்றோம், 1,070 கட்டுங்க” என்றார். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் பணத்தை மட்டும் கழித்தால் தவறு தீராது, யூனிட்டைப் பிரிக்க வேண்டும். இப்போது இருக்கிற கணக்குப்படி சராசரியில் 18, இன்னொரு 18, அக்டோபரில் 66, ஆக மொத்தம் 102 கிலோ லிட்டருக்குப் பில் போட்டிருக்கிறீர்கள். மீட்டரோ 66-தான் ஓடியிருக்கிறது. 36 கிலோ லிட்டர் தண்ணீரை இரண்டு தடவை விற்றிருக்கிறீர்கள். 400-ஐக் கழித்தால் அந்த இரட்டை விற்பனை மட்டும் நிற்கும், மேல்படி விலை அப்படியே எங்கள் தலையில் இருக்கும். இதை அவரிடம் சொன்னேன். “கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா” என்றார். கம்ப்யூட்டரிடம் ஏப்ரல் அளவைக் கொடுத்து ஆகஸ்ட் தேதியைச் சொன்னால் அது வேறென்ன போடும்?

7. எண்ணெல்லாம் வேண்டாம், தொட்டியைப் பாருங்கள் ஐயா. இரண்டு மாதத்தில் 66,000 லிட்டர் என்கிறது பில். நான்கு நாளுக்கு ஒரு முறை என்றால் இரண்டு மாதத்தில் 15 முறை தண்ணீர் வரும். முறைக்கு 4,400 லிட்டர் பிடித்திருக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில், இரண்டு மணி நேரத்தில், 2,000 லிட்டர் தொட்டியில்! மீதி 2,400 லிட்டரை எங்கே ஊற்றினோம், கடலிலா? அதே 66,000-ஐ ஆறு மாதத்தில் வந்த 45 முறைக்குப் பிரித்தால் முறைக்குச் சுமார் 1,500 லிட்டர். தொட்டிக்கும் ஒத்துப்போகிறது, குழாயின் வேகத்துக்கும் ஒத்துப்போகிறது. இதைச் சரிபார்க்க இன்ஜினியர் வேண்டாம். தண்ணீர் விடும் நாளில் ஒருவர் ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

(தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் வெறும் காற்று சீறிக்கொண்டு வரும்போதும் மீட்டரில் அந்தச் சின்ன நட்சத்திரச் சக்கரம் சுற்றுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் காசு கட்டுகிறோம். அது இந்தத் தெரு முழுவதற்கும் உள்ள குறை, தனியாக எழுதுகிறேன். இப்போது அதைக் கலக்கவில்லை.)

8. இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் 1,120 ரூபாய் வித்தியாசம் மட்டுமல்ல. 25-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று பில்லில் சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆன்லைனில் 350 மட்டும் கட்டலாம் என்று பார்த்தால் முழுத் தொகையைத் தவிர எதையும் ஏற்கவில்லை. துண்டித்தால் நாங்கள் எங்கே போவது? எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மாமியார் வயதுக்காரர்கள் ஒரு காலத்தில் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பினார்கள். திருச்சியிலிருந்து காவிரித் தண்ணீர் இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் அது நின்றது. குழாய் போனால் வண்டியில் வரும் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய்க்கு வாங்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே ஒரு நாளைக்கு நான்கு குடம் ஆகும். குளிக்க? மாமியாரின் துணிகளை அலச? படுக்கையில் இருப்பவர்களின் துணி எத்தனை முறை அலச வேண்டும் என்பது வீட்டில் வயதானவர்கள் உள்ள எவருக்கும் தெரியும். படகு கரையில் நிற்கும் நாளில் கூலி கிடையாது, தண்ணீர் வண்டிக்காரருக்குக் கடன் கிடையாது. தவறான ஒரு கழித்தல் கணக்குக்காக நாங்கள் மறுபடி ஊற்றுத் தோண்ட வேண்டுமா ஐயா?

9. மறுபடியும் கேட்கிறேன். 66-ஐ மூன்றாகப் பிரியுங்கள். அவ்வளவுதான். தள்ளுபடி கேட்கவில்லை, தவணை கேட்கவில்லை, ஓடிய தண்ணீருக்குரிய ஒவ்வொரு ரூபாயையும் கட்டத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, அக்டோபர் பில்லை ரத்து செய்து ஏப்ரல் 3 முதல் அக்டோபர் 3 வரையிலான பயன்பாட்டை மூன்று பில் காலங்களுக்கும் சமமாகப் பிரித்து, கட்டிய 400 ரூபாயைக் கழித்து, 350 ரூபாய்க்குப் புதிய பில் தரும்படி உத்தரவிட வேண்டுகிறேன். கணினிப் பதிவில் முந்தைய அளவை 478 என்று மாற்றாவிட்டால் டிசம்பரில் இதே சண்டை மறுபடி வரும், அதையும் உடனே திருத்த வேண்டும். முடிவு தெரியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று குடிநீர்ப் பிரிவுக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் குழாய் ஆய்வாளர் கேட்கமாட்டார், போன தடவையே “பேப்பர் இருக்கா?” என்றுதான் கேட்டார்.

இந்த மனுவுக்காவது பதில் தாருங்கள் ஐயா. முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள், அதை வைத்து நான் மேலே போய்க்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணைப்புதாரரின் மருமகள்
(கையொப்பம், மாமியாரின் இடது பெருவிரல் ரேகை)

இணைப்பு: ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் பில் நகல்கள், பணம் கட்டிய ரசீதுகள், அக்டோபர் 3 அன்று மாலை எடுத்த மீட்டர் படம், முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல்கள்.