கொடுத்த மாத்திரை வேறு, விழுங்கிய மாத்திரை வேறு

ஆசிரியருக்கு,

யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களுக்கு ஒட்டுமொத்தமாக மருந்து வழங்கும்போது, மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் மாத்திரையை விழுங்கியிருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆயிரம் பேர் உள்ள ஊரில் 800 பேருக்குக் கொடுத்து, 500 பேர் மட்டும் விழுங்கினால் பதிவேடு 80 என்று சொல்லும், உண்மை 50தான். "சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறேன்" என்று வாங்கி வைத்த மாத்திரைகள் அலமாரியிலேயே கிடக்கின்றன. ஊழியர் கண்ணெதிரே விழுங்க வைப்பதே சரி.

பலர் மறுப்பது காய்ச்சல், தலைச்சுற்றலுக்குப் பயந்துதான். பெரும்பாலும் அது, நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் ரத்தத்தில் சாவதால் வருவது. ஓரிரு நாளில் தணியும். இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

பல சுற்றுகளுக்குப் பின் 6, 7 வயதுக் குழந்தைகளின் ரத்தத்தில் தொற்றின் அடையாளமான புழுவின் ஆன்டிஜென் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மருந்து வழங்கிய காலத்தில் வளர்ந்த அவர்களிடம் தொற்று இருந்தால், பரவல் நிற்கவில்லை என்று பொருள். ஆனால் ஒரு சுற்றிலும் மாத்திரை விழுங்காத பெரியவர்கள் இந்தச் சோதனைக்குள் வருவதில்லை. கொசுவுக்கு நுண்புழுவைத் தரக்கூடியவர்கள் அவர்களே. அவர்களைத் தனியாகத் தேடிச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்