ஒரு மைக்ரோஆம்ப் அளக்கும் என்று விற்ற மாட்யூல் குறித்த புகார்

அல்சூர், பெங்களூரு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் கரண்ட் அளக்கும் மாட்யூல் இரண்டை எஸ்.பி. ரோடு கடையில் வாங்கினேன். போனில் உங்கள் பொறியாளர் தமிழிலேயே பேசியதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்த்துச் சொல்லும் பேட்டரி சென்சார் செய்வது என் தொழில். தொட்டிக்குள் இருக்கும் கருவி பெரும்பாலான நேரம் உறங்கும், அவ்வப்போது விழித்துத் தகவல் அனுப்பும். உறங்கும்போது அது 12 மைக்ரோஆம்ப்தான் இழுக்க வேண்டும். உங்கள் பெட்டியில் ‘1 மைக்ரோஆம்ப் முதல் 600 மில்லிஆம்ப் வரை’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி, அதை வைத்துத்தான் சோதித்தேன். உறக்கத்தில் திரை 0.000 மில்லிஆம்ப் காட்டியது. சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று 40 கருவிகளை பெல்லந்தூர்ப் பக்கம் அடுக்ககங்களில் பொருத்தினேன். மூன்று வருடம் வரும் என்று வாக்குக் கொடுத்த 2,400 மில்லிஆம்ப்-அவர் பேட்டரி ஐந்தாம் மாதமே செத்தது.

அப்புறம்தான் பழைய முறைக்குப் போனேன். பேட்டரி வரிசையில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, கருவி விழித்திருக்கும்வரை ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்து வைத்தேன். இல்லையென்றால் ரேடியோ ஓடும்போது வோல்டேஜ் விழுந்து கருவி ரீசெட் ஆகிவிடும். உறங்கியதும் ஒயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 60 மில்லிவோல்ட். அதாவது 0.6 மில்லிஆம்ப். சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை என் நிரல் அணைக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 0.6 மில்லிஆம்ப் ஓடும்போது பூஜ்யம் காட்டியது உங்கள் மாட்யூல்.

ஏன் என்று பார்த்தேன். 3.3 வோல்ட்டில் 3.3 கிலோஓம் ரெசிஸ்டரை இணைத்து 1 மில்லிஆம்ப் ஓடவிட்டேன், திரையில் 0.000. ரெசிஸ்டரை 1 கிலோஓமாக்கி 3.3 மில்லிஆம்ப் ஓடவிட்டேன், 2.095. 330 ஓம் போட்டு 10 மில்லிஆம்ப் ஓடவிட்டேன், 8.862. எங்கும் ஏறக்குறைய 1.2 மில்லிஆம்ப் குறைகிறது. கெயினில் பிழை என்றால் கரண்ட் கூடக்கூட வித்தியாசமும் கூடும். இது கூடவில்லை, ஆகவே ஆம்ப்ளிஃபயரின் ஆஃப்செட். உங்கள் ஷன்ட் 0.1 ஓம் என்பதால், 120 மைக்ரோவோல்ட் ஆஃப்செட்டே 1.2 மில்லிஆம்ப் ஆகிவிடுகிறது. 500 மில்லிஆம்ப் அளப்பவருக்கு அது கால் சதவீதம்கூட இல்லை, கண்ணில் படாது. எனக்கு அளக்க வேண்டியதைப் போல நூறு மடங்கு. மேலும் இந்த ஆஃப்செட் மைனஸ் பக்கம் இருக்கிறது. ஒற்றை சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் கிரவுண்டுக்குக் கீழே இறங்க முடியாது. அதனால் 1.2 மில்லிஆம்ப் வரை எது ஓடினாலும் திரை பூஜ்யத்திலேயே நிற்கும்.

உங்கள் பொறியாளர் ஜீரோ பட்டனை அழுத்தி, ஆயிரம் அளவுகளுக்குச் சராசரி எடுக்கச் சொன்னார். அவுட்புட் தரையில் ஒட்டிக் கிடக்கும்போது கழிக்க என்ன இருக்கிறது? ஆயிரம் பூஜ்யத்தின் சராசரியும் பூஜ்யம்தான். இரண்டாவது மாட்யூலில் ஆஃப்செட் பிளஸ் பக்கம். எதுவும் இணைக்காமலே 0.967 காட்டுகிறது. அதில் ஜீரோ பட்டன் வேலை செய்கிறது. ஆனாலும் எண் 0.161 மில்லிஆம்ப் படிகளாகத்தான் தாவுகிறது. 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்து, 50 கெயினாலும் 0.1 ஓமாலும் வகுத்தால் வருவதும் அதே படிதான். 12 மைக்ரோஆம்ப் அந்தப் படியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திரையில் மூன்று தசம இடம் காட்டுவதால் மைக்ரோஆம்ப் அளந்ததாக ஆகாது.

உறக்க கரண்ட்டுக்கு 10 ஓம் ஷன்ட் கொடுத்திருந்தால் படி 1.6 மைக்ரோஆம்ப்பாக இறங்கியிருக்கும். அப்போதும் இதே ஆம்ப்ளிஃபயர் 12 மைக்ரோஆம்ப் பிழை தரும். அதனால் ஆஃப்செட் சில மைக்ரோவோல்ட்டே உள்ள ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அதன் பூஜ்யத்தையும் கிரவுண்டிலிருந்து சற்று மேலே தூக்கி வைக்க வேண்டும். அந்த ஷன்ட்டில் 6.6 மில்லிஆம்ப்புக்கு மேல் அளக்க முடியாது, ஆகவே இரண்டு ரேஞ்ச் தேவை.

இரண்டு மாட்யூலுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பெட்டியில் இருக்கும் ‘1 மைக்ரோஆம்ப்’ என்பதை எடுத்துவிட்டு, ஆஃப்செட் எவ்வளவு, ஒரு படி எவ்வளவு என்று மில்லிஆம்ப்பில் அச்சிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். உறக்க கரண்ட் பூஜ்யம் என்று நம்பிக் கருவிகளை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர்களில் இருக்கலாம். நான் எடுத்த அளவுகளின் படங்களையும் பில் நகலையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மாட்யூல்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள், என் மேசையிலேயே அதே மூன்று ரெசிஸ்டர்களை வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்