முத்துவை மேகத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு

ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கும் பள்ளியில் எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு நீர்த்துளியின் கதை சொல்லும்போது நான் பாதியில் வாயடைத்து நின்றதை நீங்களே பார்த்தீர்கள். படம் வரைந்து தந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், நீலச் சேலையைக் கடலாக விரித்துப் பிடித்த அம்மாக்கள், மைக் சரிசெய்த அண்ணன், எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக எங்கள் சமையல் அக்காவுக்கு.

என் கதையில் முத்து என்ற துளி புன்னைக்காயல் கடலில் வெயில் காயும், ஆவியாகி மேலே போகும், ஐப்பசிக் காற்றோடு பொதிகை மலைக்குப் போய் மழையாக விழும், தாமிரபரணியில் ஓடிக் கடலுக்கே திரும்பும். உப்பு மட்டும் கடலிலேயே நின்றுவிடும் என்றதும், "எங்க மாமா உப்பளத்துல அப்படித்தான்" என்றான் ஒருவன். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு குட்டி எழுந்து, "ஆவியாயிட்டா முத்து செத்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் வாசலில் இருந்து அக்காவின் குரல்: "பிள்ளைகள அடுப்படிக்குக் கூட்டிட்டு வாங்க டீச்சர்."

எல்லோரையும் எட்டவே உட்கார வைத்தார். சோற்றுப் பானை மூடியைத் தண்ணீரில் முக்கிக் குளிர வைத்து, துணியால் துடைத்து, கொதிக்கும் பானைக்கு மேலே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். முதலில் மூடியின் உள்பக்கம் மங்கியது. பிறகு ஊசிமுனைப் புள்ளிகள். ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியைத் தொட்டு ஒன்றானது, அது இன்னொன்றை இழுத்துக்கொண்டது, கனத்து வழிந்து ஓரத்தில் தொங்கிச் சொட்டென்று விழுந்தது. "முத்து வந்துட்டா!" என்று ஒரே கூச்சல்.

"ஒத்தையா விழமாட்டா. பக்கத்துல உள்ளவங்களயெல்லாம் சேத்துக்கிட்டுத்தான் விழுவா" என்றார் அக்கா.

என் கதையின் ஓட்டை எனக்கே அப்போதுதான் உறைத்தது. கடலில் இருந்து போன துளி அப்படியே முழுசாகத் திரும்பி வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிரிந்து காற்றில் கலக்கிறது. மேலே குளிர்ந்ததும் தூசியிலோ உப்புத் துகளிலோ ஒட்டி மேகத்துளியாகிறது. அது பொடிசு, காற்றே தாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய பத்து லட்சம் பொடிசுகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. இதைப் படித்திருக்கிறேன். ஆனாலும் கதை எழுதும்போது முத்துவைத் தனியாகவே இறக்கிவிட்டேன்.

இப்போது மாற்றிவிட்டேன். முத்து மேலே போய்க் கூட்டாளிகளைத் தேடுகிறாள். விழுந்த பிறகும் எல்லோரும் ஆற்றுக்குப் போவதில்லை, சிலரை வாழை குடித்துவிடுகிறது. அடுத்த வருஷம் கதையை அடுப்படியில்தான் தொடங்குவேன், அக்கா சம்மதித்தால்.

அன்று மூடியை அவ்வளவு நேரம் எடுத்து வைத்ததில் சோறு விதை விதையாக நின்றுவிட்டதாம். அதற்கான திட்டை அக்கா தனியாக வாங்கிக்கொண்டார். அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது, அக்கா.