குறும்பா, பயமா?

ஆசிரியருக்கு,

பாலக்காட்டுத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சிக்கான பருவம் இது. வகுப்பறையில் பிள்ளைகளுக்கு வரும் பதற்றம் பற்றிய அமர்வை உரையாக நடத்தாமல், ஒரே ஒரு தாளை வைத்து நடத்தலாம்.

தாளில் மூன்று கட்டங்கள்: முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பிறகு என்ன ஆனது. ஐந்து பள்ளி நாட்கள் எழுத வேண்டும். நடுக் கட்டத்தில் 'திமிர்' என்று எழுதினால் தாளே வீண். 'பென்சிலை எறிந்தான்' என்றுதான் எழுத வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மலையாளப் பாடத்தில் வரிசையாக வாசிக்கச் சொல்கிறார்கள். அவன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போதே உள்ளங்கையை டவுசரில் துடைக்கிறான். பிறகு பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான். வெளியே அனுப்புகிறார்கள். வராந்தாவில் முகம் தெளிந்துவிடுகிறது. தண்டனை என்று நாம் நினைப்பது அவனுக்குத் தப்பிக்கும் வழி. அதனால்தான் மறுநாளும் கிள்ளுகிறான். விளையாட்டு நேரத்தில் இந்தச் சேட்டையே இல்லை என்றால், இது குறும்பல்ல, வாசிப்புப் பயம் என்ற சந்தேகம் வலுக்கும்.

வாசிப்பிலிருந்து அடியோடு விலக்கு அளிப்பதும் தவறு, பயம் வளரும். வாசிக்க வேண்டிய இரண்டு வரியை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முதலில் தோழனோடு சேர்ந்து, பிறகு ஆசிரியரிடம் தனியாக, அதன்பின் வகுப்பில் வாசிக்கட்டும். கண்பார்வை, வாசிப்புக் குறைபாடு இரண்டையும் சோதிக்க வேண்டும். நோயின் பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலையல்ல. தாளைப் பள்ளி ஆலோசகரிடம் கொடுத்தால் போதும்.

— பள்ளி ஆலோசகர்கள் இருவர், கொழிஞ்சாம்பாறை