மூன்று நட்சத்திரத்துக்கும் சேர்த்து நன்றி

சாட்ஸ்வர்த், டர்பன்

என் முதல் கதை நூலை வெளியீட்டை ஒட்டி வாசித்துத் தந்த அன்பர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. நூல் விற்பனைக்கு வந்த அன்று மாலையே என் உறவினர்கள் ஒன்பது பேர் இணையக் கடையில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘அருமை’ என்று எழுதினார்கள். வாரம் முடிவதற்குள் ஒன்பதும் காணாமல் போயின. குடும்பத்தார் எழுதும் மதிப்புரைகளை அந்தக் கடை ஏற்பதில்லை. விதியை நான்தான் படிக்கவில்லை. யாரோ பொறாமையில் அழித்துவிட்டார்கள் என்று பெரியம்மா இன்னும் நம்புகிறார்.

நூலைக் காப்பாற்றியவர்கள் நீங்கள் 24 பேர். வெளியீட்டுக்கு எட்டு வாரம் முன்பு எட்டுப் பேருக்கும், நான்கு வாரம் முன்பு எட்டுப் பேருக்கும், வெளியான பிறகு மீதி எட்டுப் பேருக்கும் பிரதி அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தால் ஒரே வாரத்தில் சத்தம் அடங்கியிருக்கும். முதல் எட்டுப் பேர் வெளியீட்டுக்கு முன்பே குட்ரீட்ஸில் எழுதினார்கள். இணையக் கடையிலோ நூல் வெளிவரும்வரை மதிப்புரைக்கு இடமில்லை. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பிரதி இலவசமாக வந்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். பதினொரு பேர் எழுதவே இல்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை; கேட்டபோதே இவ்வளவுதான் வரும் என்று எதிர்பார்த்தேன்.

சனிக்கிழமை வாசகர் வட்டத்து அக்காமாருக்குத் தனி நன்றி. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மகசீன் பாரக்ஸிலிருந்து 1960களில் இங்கே பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் கதைகள்தான் நூலில் இருப்பவை. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். பெரியவர்கள் தமிழை உரக்க வாசிக்க, தமிழ் எழுத்துத் தெரியாத பேத்திகள் வலப்பக்கத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தார்கள். ஒரு பேத்தி அதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டாள். மூன்று நிமிடம்தான், நடுவே குக்கர் விசில்கூடக் கேட்கும். நான் காசு கொடுத்து அச்சடித்த வண்ணச் சுவரொட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பதிவைக் கேட்டவர்கள்தான் ‘புத்தகம் எப்போது வரும்?’ என்று விசாரித்தார்கள்.

கடைசியாக, டொங்காட் ஊரிலிருந்து மூன்று நட்சத்திரம் தந்த அம்மாவுக்கு. ‘கதைகள் நன்று. ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் கதையில் மாவை அன்றே கரைத்துக் காய்ச்சுகிறார்கள். எங்கள் ஆயா முந்தின இரவே கரைத்துப் புளிக்க வைப்பார். இவர் கூழ் காய்ச்சிப் பார்த்ததில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். உண்மை, பார்த்ததில்லை. இரண்டு நாள் முகம் சுண்டிப்போய்த் திரிந்தேன். பிறகு ஆடி மாதப் பூசையில் நான் நூல் விற்ற மேசைக்கு வந்த இரண்டு பெண்கள், ‘கூழைத் தப்பாக எழுதிய புத்தகம் இதுதானே, எந்தப் பக்கம்?’ என்று கேட்டு, ஆளுக்கு ஒன்று வாங்கிப் போனார்கள்.

அம்மா, அடுத்த அச்சில் மாவு முந்தின இரவே கரைக்கப்படும். உங்கள் மதிப்புரையைத் திருத்தவேண்டாம், அப்படியே இருக்கட்டும்.