எண்கோட்டில் தெரியாத அந்த இரண்டு புள்ளிகள்

மலையகத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகையீட்டுச் சமன்பாடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் ஹட்டனில் இதே பாடத்தைத்தான் எடுக்கிறேன். போன ஞாயிறு மஸ்கெலியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை கொப்பியை நீட்டி, "சேர், சமன்பாடு எங்கேயும் உடையவில்லையே, தொடர் மட்டும் ஏன் 1இல் நின்றுவிடுகிறது?" என்று கேட்டாள். கொப்பியில் இருந்தது இந்தச் சமன்பாடு:

(1+x²)y'' + 2xy' = 0

x = 0 இல் வலுத்தொடரை இட்டால் aₙ₊₂ = −n aₙ/(n+2) என்று வரும். a₀ = 0, a₁ = 1 என எடுத்தால் x − x³/3 + x⁵/5 − …, அதாவது arctan x. அவள் x = 1.2 ஐப் பிரதியிட்டிருந்தாள். உறுப்புகளின் பருமன் 1.2, 0.576, 0.498 என்று இறங்குகிறது. அப்புறம் 0.512, 0.573, 0.676 என்று ஏறத் தொடங்குகிறது. மூன்று உறுப்போடு நிறுத்தியிருந்தால் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

1+x² எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியமாகாது. அதனால் எண்கோட்டில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. சிக்கலெண் தளத்தை வரைந்தால் i, −i என்ற இரண்டு இடங்களில் அது பூச்சியமாகிறது. 0 இலிருந்து இரண்டுக்கும் தூரம் 1. ஒருங்கல் ஆரை அதுதான்.

நாம் வழக்கமாக இந்த இடத்தில் விகிதச் சோதனையைச் செய்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். மையத்தை x = 2 க்கு மாற்றிப் பாருங்கள். மீள்வரு தொடர்பில் இப்போது மூன்று உறுப்புகள்:

5(n+2)aₙ₊₂ + 4(n+1)aₙ₊₁ + naₙ = 0

bₙ = naₙ என்று வைத்து arctan க்குக் கணக்கிட்டால், அடுத்தடுத்த விகிதங்கள் −0.8, −0.55, −0.44, −0.34, −0.21, பிறகு +0.13. குறியே மாறிவிடுகிறது, எந்த எண்ணிலும் நிலைக்காது. விகிதச் சோதனை இங்கே கைவிட்டுவிடும். ஆனால் படத்தில் 2 இலிருந்து i வரை ஒரு கோடு கீறினால் போதும், தூரம் √(4+1) = √5, ஏறத்தாழ 2.24. விகிதங்கள் ஏன் தள்ளாடுகின்றன என்பதும் அதே படத்தில் இருக்கிறது: i, −i இரண்டும் 2 இலிருந்து ஒரே தூரத்தில், மேலும் கீழுமாக இருக்கின்றன. இரண்டும் ஒரே பலத்தோடு தொடரை இழுக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள்: தொடர்த் தீர்வைத் தொடங்கும் முன்னே, y'' இன் குணகத்தால் வகுத்து, சமன்பாடு கெடும் புள்ளிகளைச் சிக்கலெண் தளத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மையத்திலிருந்து மிக அருகிலுள்ளதற்குத் தூரம் அளக்கட்டும். மீள்வரு தொடர்பு அதற்குப் பிறகு வரட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தூரம் உறுதிப்படுத்துவது "குறைந்தது இவ்வளவு" என்பதைத்தான். "ஆரை சரியாக 1" என்று எழுதிய விடைகளுக்கு நானே பல வருடம் முழுப் புள்ளி போட்டிருக்கிறேன், அது பிழை. இதே சமன்பாட்டுக்கு y = 1 உம் ஒரு தீர்வு. அதன் தொடருக்கு எல்லையே இல்லை.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு கணித ஆசிரியர்