பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் முட்டை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. உன்னிடம் இருப்பது ஐந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த முட்டையில் ஒன்று கூமுட்டை, இன்னொன்றில் ரத்த நரம்பு என்று வருத்தப்பட்டிருந்தாய். முட்டையைக் குழாயடியில் கழுவிக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தாய். முதலில் அதை நிறுத்து.

இட்ட முட்டையின் மேல் மெல்லிய ஈரப்பூச்சு ஒன்று இருக்கும். அது காய்ந்து ஓட்டின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். கழுவினால் அது போய்விடும். தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ந்திருந்தால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரையே உள்ளே இழுக்கும். கூமுட்டை பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். லேசான அழுக்கு என்றால் காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். எச்சம் அப்பியதை விற்காதே. வீட்டில் அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடு.

உண்மையில் முட்டை அழுக்காகாமல் பார்ப்பதுதான் வேலை. கோழி ராத்திரி உயரமான இடத்தைத்தான் தேடும். நீ சொன்னபடி முட்டைக்கூடை, கோழி அடையும் கழிக்கு மேலே இருந்தால், கூடையிலேயே அடைந்து எச்சமிடும். கழியை இரண்டரை அடியில் கட்டு, கூடையை ஓரடியாவது கீழே வை. ஓரடி அகலத்தில் இரண்டு கூடை, சற்று இருட்டான மூலையில். வைக்கோல் நாலு விரல் கனத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கோழி சீய்த்துவிடும், முட்டை அடியில் இடித்து விரியும். ஒன்று உடைந்தால் மஞ்சள் கரு மற்றவற்றிலும் பூசிக்கொள்ளும். அதைவிட மோசம், கோழி முட்டை குடிக்கப் பழகிவிடும். ஓடு மெலிந்திருந்தால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வை, தேவையானது தின்னும்.

பெரும்பாலும் மதியத்துக்குள் இட்டுவிடும். பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை எடு. ராத்திரிக்கு எதையும் விட்டுவைக்காதே.

ரத்த நரம்புக்குக் காரணம் சேவலும் வெயிலும். கருக்கூடிய முட்டை இந்தச் சித்திரைச் சூட்டில் வெளியே கிடந்தாலே கரு வளரத் தொடங்கும். அடைக்கோழியின் அடியில் கிடந்தால் இரண்டு மூன்று நாளிலேயே சிலந்திவலை மாதிரி நரம்பு தெரியும். ஒற்றைப் பொட்டாக ரத்தம் இருந்தால் அது வேறு. முட்டை உருவாகும்போது சிறு நாளம் உடைந்தது, கெடுதல் இல்லை. முட்டையிடச் சேவல் தேவையில்லை. அதைத் தனியாக அடை. ஆனால் கோழியின் உடம்பில் விந்து இரண்டு மூன்று வாரம் தங்கும் என்பதால், அதுவரை எடுத்த முட்டையை அன்றன்றைக்கே செலவழி.

ஓட்டில் பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வை. ஒரு வாரத்துக்கு மேல் ஆனதைக் கொடுக்காதே. வேலியோரம் கண்டெடுத்த முட்டையை என்றைக்கும் விற்காதே, அதன் வயது யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் தினமும் தருவதாகவும் வாக்குக் கொடுக்காதே. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். "சேர்ந்தால் சொல்கிறேன்" என்று சொல்லிவை. கெட்டுப்போன இரண்டுக்கும் பதில் முட்டை இந்த வாரமே கொடுத்துவிடு.

கருப்பி இன்னும் அடையில்தான் இருக்கிறதா? எழுது.

அன்புடன்,
முருகேசன்